கையேட்டில் 'சேர்க்கவும்', ரெக்கார்டில் 'சேர்க்கப்பட்டது': இடையில் மாறவேண்டியவை

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு, தமிழ்வழி. நீரின் கடினத்தன்மை சோதனைக்குக் கையேட்டில் 'எடுக்கவும், சேர்க்கவும்' என்று இருப்பதை எல்லாம் 'எடுக்கப்பட்டது, சேர்க்கப்பட்டது' என்று மாற்றி ரெக்கார்டில் எழுதினேன். சார் 'இது நீ செய்தது இல்லை' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு எப்படித்தான் எழுதுவது? 'நான் எடுத்தேன்' என்று எழுதலாமா?

பதில்: கல்லூரி ஆய்வகத்தில் பல வருடம் ரெக்கார்டு திருத்தியவன் என்கிற முறையில் சொல்கிறேன். உங்கள் சார் வினைமுற்றைப் பார்த்து அந்த வரியை எழுதியிருக்க வாய்ப்பு குறைவு. அவர் கண்ணில் பட்டது '2 அல்லது 3 துளி சேர்க்கப்பட்டது' மாதிரி ஒரு வாக்கியமாக இருக்கும். துளியை விட்டவருக்கு அது இரண்டா மூன்றா என்று தெரியும். கையேடு இனிமேல் செய்யப்போகிற யாரோ ஒருவருக்காக எழுதியது. அதனால் அதில் சில இடங்களை வேண்டுமென்றே திறந்து வைத்திருப்பார்கள். 'ஏறக்குறைய 1 கிராம்', 'தேவையானால் சூடுபடுத்தவும்', 'ஒத்த மதிப்புகள் கிடைக்கும் வரை திரும்பச் செய்யவும்' எல்லாம் அப்படித்தான். ரெக்கார்டு எழுதும்போது அந்த இடங்கள் ஒவ்வொன்றிலும் அன்று உங்கள் மேசையில் நடந்தது வந்து உட்காரவேண்டும். விகுதியை மாற்றுவது அதற்கு அப்புறம் வருகிற சின்ன வேலை.

உங்கள் சோதனையையே எடுத்துக்கொள்வோம். கையேட்டில் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "20 மி.லி. மாதிரி நீரைப் பிப்பெட்டினால் அளந்து சுத்தமான கூம்புக் குடுவையில் எடுக்கவும். அதனுடன் 5 மி.லி. அம்மோனியா தாங்கல் கரைசலையும் 2 அல்லது 3 துளி எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டியையும் சேர்க்கவும். கரைசல் ஒயின் சிவப்பாக மாறும். பியூரெட்டில் உள்ள ஈடிடிஏ கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குடுவையைத் தொடர்ந்து குலுக்கவும். எஃகு நீல நிறம் தோன்றுவது முடிவுநிலை. ஒத்த மதிப்புகள் கிடைக்கும் வரை திரும்பச் செய்யவும்."

இதை ஒருவர் உண்மையிலேயே செய்து முடித்தபின் எழுதினால் இப்படி வரும்: "கிணற்று நீர் மாதிரியில் 20 மி.லி. பிப்பெட்டினால் அளந்து கூம்புக் குடுவையில் எடுக்கப்பட்டது. அதனுடன் அளவு உருளையால் அளந்த 5 மி.லி. அம்மோனியா தாங்கல் கரைசலும் 3 துளி எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டியும் சேர்க்கப்பட்டன. கரைசல் ஒயின் சிவப்பாக மாறியது. இக்கரைசல் பியூரெட்டில் இருந்த ஈடிடிஏ கரைசலால் தரம் பார்க்கப்பட்டது. சிவப்பு முதலில் ஊதாவாகி, பின் எஃகு நீலமானது. சிவப்புச் சாயல் முழுவதும் மறைந்தபோது பியூரெட் அளவு குறிக்கப்பட்டது. மூன்று முறை தரம் பார்க்கப்பட்டது. முதல் முறை முடிவுநிலை தாண்டிவிட்டதால் அந்த அளவு (9.1 மி.லி.) கணக்கில் சேர்க்கப்படவில்லை. மற்ற இரண்டு முறையும் 8.6 மி.லி. ஈடிடிஏ செலவானது."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'மாதிரி நீர்' கிணற்று நீர் ஆகிவிட்டது. துளி மூன்று என்று நிலைத்துவிட்டது. 'கிடைக்கும் வரை' இருந்த இடத்தில் எத்தனை முறை, எந்த அளவு தள்ளப்பட்டது, ஏன் தள்ளப்பட்டது என்பவை வந்திருக்கின்றன. 'தொடர்ந்து குலுக்கவும்' காணாமல் போனது, ஏனென்றால் தரம் பார்த்தல் என்றாலே குலுக்குவது அதில் அடங்கிவிடும். 'சுத்தமான' என்பதும் போய்விட்டது. கையேடு மாணவரை எச்சரிப்பதற்காகச் சொல்கிற சொல் அது, அழுக்குக் குடுவையில் செய்தேன் என்று யாரும் எழுதப்போவதில்லை. ஊதா நிறம் கையேட்டில் இல்லை, ஆனால் பார்த்ததால் எழுதியாகிவிட்டது. என் அனுபவத்தில், ஊதாவை எழுதியிருக்கும் ரெக்கார்டு குடுவையைப் பார்த்துக்கொண்டே செய்தவருடையது. இந்த நிறங்காட்டியில் சிவப்பு சட்டென்று நீலத்துக்குத் தாவாது, கடைசிச் சொட்டுகளில் மெதுவாகத்தான் மாறும்.

இலக்கணத்துக்கு வருகிறேன். இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியவை மூன்று. முதலாவது, கையேட்டில் 'ஐ' ஏற்று நிற்கும் சொல் செயப்பாட்டுவினையில் எழுவாய் ஆகிவிடுகிறது, அதனால் 'ஐ' விழவேண்டும். 'கரைசலைச் சேர்க்கவும்' என்பது 'கரைசல் சேர்க்கப்பட்டது' ஆகும். 'கரைசலைச் சேர்க்கப்பட்டது' என்று எழுதினால் தவறு. அவசரத்தில் விகுதியை மட்டும் மாற்றுபவர்களிடம் அதிகம் காணும் பிழை இதுதான். இரண்டாவது, எழுவாய் பன்மையானால் 'பட்டன'. தாங்கல் கரைசலும் நிறங்காட்டியும் சேர்ந்தால் 'சேர்க்கப்பட்டன', கரைசல் மட்டும் என்றால் 'சேர்க்கப்பட்டது'. பேச்சில் எல்லாவற்றுக்கும் 'பட்டது' என்று ஓடிவிடும், எழுத்தில் விடக்கூடாது.

மூன்றாவதுதான் நிறையப் பேரைச் சறுக்கவைக்கிறது. எல்லா வினையோடும் 'படு' சேர்ந்துவிடாது. ஒருவர் ஒரு பொருளின் மேல் செய்கிற வினைக்குத்தான் செயப்பாட்டுவினை உண்டு. 'கரைய', 'கொதிக்க', 'குளிர', 'நிரம்ப' இவையெல்லாம் பொருள் தானாக அடையும் நிலை. 'நீர் கொதிக்கப்பட்டது', 'உப்பு கரையப்பட்டது', 'கரைசல் குளிரப்பட்டது' என்று எழுதினால் காதுக்கே உறுத்தும். நீங்கள் செய்தது கரைத்தது, கொதிக்கவைத்தது, குளிர்வித்தது, நிரப்பியது. அதனால் கரைக்கப்பட்டது, கொதிக்கவைக்கப்பட்டது, குளிர்விக்கப்பட்டது, நிரப்பப்பட்டது என்று வரும். குளிர்விக்க எதுவும் செய்யாமல் அப்படியே மேசைமேல் வைத்திருந்தால் 'ஆறவிடப்பட்டது'. ஆறவிட்டதும் குளிர்வித்ததும் ஆய்வகத்தில் வேறு வேறு வேலைகள். ஒன்றில் குடுவை சும்மா இருந்தது, மற்றதில் குழாய்த் தண்ணீரிலோ பனிக்கட்டியிலோ இருந்தது. சரியான வினையைத் தேடினால் நடந்ததும் சரியாக வந்துவிடும்.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். கையேட்டில் 'மாறும்', 'தோன்றும்', 'வெளியேறும்' என்று எதிர்காலத்தில் இருப்பவை நீங்கள் செய்தவை கிடையாது, பொருளில் நிகழ்ந்தவை. அவற்றை வெறும் இறந்தகாலத்தில் எழுதினால் போதும்: மாறியது, தோன்றியது, வெளியேறியது. 'நிறம் நீலமாக மாற்றப்பட்டது' என்று எழுதினால், நீங்கள் ஏதோ சாயம் கலந்து மாற்றியது போல ஆகிவிடும். உங்கள் ரெக்கார்டில் கை செய்தது 'பட்டது' என்றும், கண் கண்டது 'மாறியது' என்றும் முடிந்தால், படிப்பவர் இரண்டையும் தானாகவே பிரித்துக்கொள்வார். ஒரு எச்சரிக்கை: கையேடு 'மாறும்' என்று சொன்னது உங்களிடம் மாறவில்லை என்றால் 'மாறவில்லை' என்றுதான் எழுதவேண்டும். நிறங்காட்டிக் கரைசல் பழசாகிவிட்டால் நிறம் மங்கலாகத்தான் வரும். அதை 'ஒயின் சிவப்பாக மாறியது' என்று எழுதிவைத்தால், அப்புறம் முடிவுநிலை ஏன் தெளிவாகத் தெரியவில்லை என்பதை விளக்க வழியில்லாமல் போய்விடும்.

காலத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. பள்ளிப் பாடநூல் நடை பழகியவர்கள் 'எடுக்கப்படுகிறது', 'சேர்க்கப்படுகிறது' என்று எழுதுகிறார்கள். பாடநூலுக்கு அது பொருந்தும், அங்கே எப்போதும் செய்யும் முறையைச் சொல்கிறார்கள். ரெக்கார்டு ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்தது, அதனால் 'பட்டது'. ஆனால் அந்த நாளோடு முடியாத உண்மைகளை இறந்தகாலத்துக்கு இழுத்துவிடாதீர்கள். 'எரியோகுரோம் பிளாக் டி கால்சியம், மக்னீசியம் அயனிகளோடு சிவப்பு நிற அணைவைத் தருகிறது' என்பது நேற்றும் அப்படித்தான், நாளையும் அப்படித்தான். அது 'தருகிறது' என்றே இருக்கட்டும். தத்துவம் பகுதி நிகழ்காலம், செய்முறைப் பகுதி இறந்தகாலம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இப்போது கருத்து வேறுபடுகிற ஒரு இடம். மேலே நான் 'பிப்பெட்டினால் அளந்து குடுவையில் எடுக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். 'அளந்து' என்பது செய்தவருடைய வினை, 'எடுக்கப்பட்டது' என்பதன் எழுவாயோ நீர். செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சமும் முடிக்கும் வினையும் ஒரே வினைமுதலுக்கு உரியவையாக இருக்கவேண்டும் என்பது பழைய இலக்கண விதி. அதைக் கண்டிப்பாகப் பிடித்தால் 'அளக்கப்பட்டு எடுக்கப்பட்டது' என்று வரவேண்டும். ஆனால் அறிவியல் தமிழில் 'அளந்து எடுக்கப்பட்டது' என்பது பரவலாகப் புழங்குகிறது, யாருக்கும் பொருள் மயங்குவதில்லை, படிக்கவும் இலகு. நான் அதைத் தவறு என்று திருத்தமாட்டேன். திருத்துகிற ஆசிரியர்களும் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. உங்கள் துறையில் எது வழக்கம் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, 'இது நீ செய்தது இல்லை' என்ற அந்த வரிக்கு நேராக வருகிறேன். செயப்பாட்டுவினையில் செய்தவர் மறைந்துவிடுகிறார். அதுதான் அதன் வசதி, ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. திட்டக் கடின நீர் தயாரிக்கும் பத்தியைப் பாருங்கள். 'ஏறக்குறைய 1 கிராம் கால்சியம் கார்பனேட்டைத் துல்லியமாக எடையிட்டு, சிறிதளவு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, 1 லிட்டருக்கு நிரப்பவும்' என்று இருக்கும். பல கல்லூரிகளில் இதை மாணவர் செய்வதே இல்லை, ஆய்வக உதவியாளர் காலையிலேயே தயாரித்து வைத்துவிடுவார். இருந்தாலும் வகுப்பில் இருக்கும் அத்தனை ரெக்கார்டிலும் '1 கிராம் கால்சியம் கார்பனேட் எடையிடப்பட்டு, கரைக்கப்பட்டு' என்றே வரும். உங்களுக்கும் அப்படித்தான் தயாராக வந்தது என்றால், 'ஆய்வகத்தில் தயாரித்து வழங்கப்பட்ட திட்டக் கடின நீர் (1 மி.லி.யில் 1 மி.கி. கால்சியம் கார்பனேட்) பயன்படுத்தப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் என்ன அளவு எழுதியிருக்கிறதோ அதை எடுத்து எழுதவேண்டும்.

நீங்களே எடையிட்டிருந்தால் உண்மையான எடையை எழுதவேண்டும். அது ஏன் என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். தராசு காட்டியது 1.02 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 20 மி.லி. திட்டக் கடின நீரில் 20.4 மி.கி. கால்சியம் கார்பனேட் இருக்கும். அதற்கு 20.2 மி.லி. ஈடிடிஏ செலவானால், 1 மி.லி. ஈடிடிஏ 1.01 மி.கி.க்குச் சமம். கிணற்று நீருக்குச் செலவானது 8.6 மி.லி., அதாவது 20 மி.லி. நீரில் 8.69 மி.கி., லிட்டருக்கு ஏறக்குறைய 434 மி.கி. கையேட்டைப் பார்த்து '1 கிராம் எடையிடப்பட்டது' என்று எழுதி அதை வைத்தே கணக்குப் போட்டால் விடை 426 ஆகிவிடும். தரம் பார்த்ததில் ஒரு சொட்டுகூடப் பிழையில்லை, ஆனாலும் எட்டு மில்லிகிராம் காணாமல் போயிருக்கும். 'ஏறக்குறைய' என்ற ஒரு சொல்லை நிரப்பாமல் விட்டதற்கு விலை அது.

இதைவிட என் மனதில் நிற்பது நிரந்தரக் கடினத்தன்மை கண்ட ஒரு நாள். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், மாதிரி நீர் 100 மி.லி.யை அரை மணி நேரம் கொதிக்கவைத்து, வடிகட்டி, மீண்டும் 100 மி.லி.க்கு நிரப்பவேண்டும் என்று கையேட்டில் இருந்தது. ஒரு மேசையில் பாதியிலேயே கேஸ் நின்றுவிட்டது. நீர் கொதித்தது பத்து நிமிடம்கூட இருக்காது. அந்த மேசையில் இருந்த நான்கு பேரும் ரெக்கார்டில் 'அரை மணி நேரம் கொதிக்கவைக்கப்பட்டது' என்றே எழுதியிருந்தார்கள். விடை மற்ற மேசைகளைவிடக் கணிசமாகக் கூடியிருந்தது. போதிய நேரம் கொதிக்காததால் பைகார்பனேட் முழுவதும் சிதையவில்லை. தற்காலிகக் கடினத்தன்மையில் ஒரு பகுதி கரைசலிலேயே நின்று, நிரந்தரத்தின் கணக்கில் ஏறிவிட்டது. 'கேஸ் தடைப்பட்டதால் ஏறக்குறைய பத்து நிமிடம் மட்டுமே கொதிக்கவைக்கப்பட்டது' என்று எழுதியிருந்தால் அந்தக் கூடுதலான விடைக்கே நான் முழு மதிப்பெண் போட்டிருப்பேன், காரணம் வாக்கியத்திலேயே இருந்திருக்கும். நான்கு பேரையும் கூப்பிட்டுக் கேட்டபோது, 'கையேட்டில் அரை மணி என்றுதானே சார் இருக்கிறது' என்றார் ஒருவர். அவர் பொய் சொல்ல நினைக்கவில்லை. ரெக்கார்டு என்றால் கையேட்டின் இறந்தகாலம் என்றே நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையை நாங்கள்தான் முதல் வாரத்திலேயே மாற்றியிருக்கவேண்டும்.

இதற்கு வழி, கையேட்டை மூடிவைத்துவிட்டு அப்சர்வேஷன் நோட்டைப் பார்த்து எழுதுவது. அதற்கு அப்சர்வேஷன் நோட்டில் ஏதாவது இருக்கவேண்டும். பெரும்பாலான நோட்டுகளில் பியூரெட் அளவுகளின் அட்டவணை மட்டும்தான் இருக்கும். அதன் ஓரத்தில் 'துளி 3', 'ஊதா, பிறகு நீலம்', 'முதல் தடவை தாண்டிவிட்டது', 'எடை 1.02' என்று செய்யும்போதே கிறுக்கி வைத்திருந்தால், மாலையில் ரெக்கார்டு எழுதும்போது வாக்கியம் தானாக வரும். முதலில் அதிலிருந்து எழுதுங்கள். எழுதி முடித்தபின் கையேட்டைத் திறந்து, படி எதுவும் விட்டுப்போயிற்றா என்று மட்டும் சரிபாருங்கள். இந்த வரிசை தலைகீழானால் கையேட்டின் வாக்கியங்கள்தான் ரெக்கார்டுக்குள் வந்து நிற்கும்.

'நான் எடுத்தேன்' என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இலக்கணப்படி அதில் ஒரு குறையும் இல்லை, பொருளும் தெளிவு. செய்தவரை விட்டுவிட்டுச் செய்ததை முன்னால் வைப்பது என்பது அறிவியல் அறிக்கைகளில் ஊறிப்போன ஒரு மரபு. இப்போது ஆய்விதழ்கள் பலவற்றில் தன்மை வினையையும் ஏற்கிறார்கள். ஆனால் கல்லூரி ரெக்கார்டில், எனக்குத் தெரிந்தவரை, செயப்பாட்டுவினையைத்தான் எதிர்பார்க்கிறார்கள், புறத்தேர்வாளரும் அப்படித்தான் பார்ப்பார். அதனால் 'எடுக்கப்பட்டது' என்றே எழுதுங்கள். 'என்னால் எடுக்கப்பட்டது' என்று மட்டும் எழுதவேண்டாம். ஆளை விடுவதற்காகத்தான் இந்த வடிவத்துக்கே வந்தோம், 'என்னால்' போட்டால் ஆள் திரும்ப வந்துவிடுகிறார், வாக்கியமும் கனத்துப்போகிறது.

வரிக்கு வரி 'பட்டது, பட்டது' என்று வருவது உறுத்தினால், அதற்கு வாக்கியங்களைச் சேர்ப்பதே மருந்து. 'பியூரெட் கழுவப்பட்டது. ஈடிடிஏ கரைசலால் அலசப்பட்டது. பிறகு நிரப்பப்பட்டது' என்ற மூன்றும் 'பியூரெட் கழுவப்பட்டு, ஈடிடிஏ கரைசலால் அலசப்பட்டு நிரப்பப்பட்டது' என்று ஒன்றாகிவிடும். முதலாண்டு ரெக்கார்டில் இந்த வரி இருப்பது நல்லது, ஏனென்றால் பியூரெட்டை எடுக்கப்போகும் கரைசலால் அலசவேண்டும், கூம்புக் குடுவையை மாதிரி நீரால் அலசவே கூடாது என்ற வேறுபாடு உங்களுக்குத் தெரியும் என்பதை அது காட்டும். குடுவையை எதனால் அலசினீர்கள் என்று வாய்மொழித் தேர்விலும் கேட்பார்கள்.